காய்க்காத காப்பிச் செடியும் மாடிக் குடித்தனமும்

பேட்டையில் மும்தாஜ் பேகத்தின் வீட்டுக் கதவைத் தட்டுபவர், தம் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் தாழ்ப்பாள் விலகும். பால்காரர் ஊற்றிய பாலை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்துவிட்டே உள்ளே எடுத்துச் செல்வார். நைட்டி தைக்க வரும் துணியை, கொண்டுவந்தவர் கண்முன்னே இருமுறை அளப்பார். கணவர் நூகு சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். மகள் அர்வா சென்னையில் குடியிருக்கிறாள். ஐம்பத்து மூன்று வயதில் தனியாக ஒரு வீட்டைக் கட்டி ஆளும் பெண்ணுக்கு இந்தச் சந்தேகம் தேவைதான் என்பது அவருடைய கட்சி.

அந்த வீட்டில் அவர் சந்தேகப்படாமல் நேசித்த ஒரே பொருள் ஒரு காப்பிச் செடி.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, சேரன்மகாதேவி சாலையில் மத்தியாஸ் நடத்தும் நாற்றுப் பண்ணையில் அதை வாங்கினார். முதல் கோடையில் மொட்டை மாடியில் வைத்தார். இலைகள் வெயிலில் பொசுங்கின. மாடிப்படி திரும்பும் இடத்துக்கு இறக்கினார். அங்கே காலை ஒன்பது மணி வரை கிழக்கு வெயில் விழும். பிறகு பச்சை வலையின் நிழல். இலை நுனிகள் மட்டும் தொடர்ந்து கருகின. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைக் கண்டு, போர்வெல் தண்ணீரை நிறுத்தி, குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து ஊற்றினார். புதுத் தளிர்கள் கருகாமல் வந்தன. செடி இடுப்புயரம் தாண்டியது. "பேட்டையில காப்பி காய்க்குமாக்கும்!" என்று தொலைபேசியில் நூகு சிரித்தபோது, "நீங்க ஊருக்கு வாங்க, அந்தக் கொட்டையிலயே காப்பி போட்டுத் தாரேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனால் இரண்டு ஆண்டுகளாக, இலைக் கணுக்களில் பச்சை மொட்டுகள் தோன்றுவதும், விரியாமலே உதிர்வதுமாக இருந்தது. ஒரு நாளும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் ஏன் விரியவில்லை என்பது அவருக்கு விளங்கவில்லை.

இந்தப் பிப்ரவரியில் அர்வாவின் பிரசவத்துக்காக இருபத்திரண்டு நாள் சென்னையில் தங்க நேர்ந்தது. தண்ணீர் ஊற்றும் பொறுப்பை மாடியில் குடியிருந்த தேன்மொழியிடம் ஒப்படைத்தார். தேன்மொழி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். அவள் கணவன் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைக்குப் போகிறான். மகள் அடுத்த தெருப் பள்ளியில் படிக்கிறாள்.

"தெனமும் ஊத்துனியா?" என்று திரும்பி வந்த அன்றே கேட்டார் மும்தாஜ்.

"ஒரு நாளும் விடலக்கா."

எட்டாம் நாள் விடியலில் படிக்கட்டு முழுவதும் மணந்தது. கணுவுக்குக் கணு வெள்ளைக் கொத்து. மும்தாஜ் ஒவ்வொரு கொம்பாக எண்ணினார்: நூற்றுப் பன்னிரண்டு பூக்கள். மகிழ்ச்சி அரைநாள் நீடித்தது. பிறகு கேள்வி பிறந்தது. இத்தனை ஆண்டு என் கையில் பூக்காதது, இவள் கை பட்டதும் பூப்பானேன்? என்னத்தை ஊற்றினாள்?

மூன்றாம் நாள் இதழ்கள் பழுத்து உதிர்ந்தன. அது இயல்பென்று அவர் அறிவார். அடியில் நின்ற பச்சைக் குமிழ்களைத்தான் காய் என்று நம்பிக் காத்திருந்தார். அடுத்த சில வாரங்களில் அவையும் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. தொண்ணூறு, நாற்பது, பதினொன்று. படியேறி இறங்குவோர் மாடிக் குடித்தனக்காரரைத் தவிர வேறெவருமில்லை. ஒரு காலையில், கால்தடம் பதியட்டும் என்று தொட்டியைச் சுற்றிக் கோதுமை மாவைத் தூவி வைத்தார். மாலையில் எறும்பு வரிசை மட்டுமே இருந்தது; குமிழ்களில் மேலும் நான்கு குறைந்திருந்தன. படியில் நின்றபடியே கை எட்டுமே என்று முடிவு செய்துகொண்டார்.

அந்த மாதக் கடைசியில் வீட்டு ஒப்பந்தம் முடிவடைய இருந்தது. மும்தாஜ் மாடிக்கு ஏறிப் போய், "ஏளா, வேற வீடு பாத்துக்கோ" என்றார்.

தேன்மொழி கையிலிருந்த கரண்டியோடு வெளியே வந்தாள். "எதுக்குக்கா? பரீட்ச நேரத்துல புள்ளைய எங்கன கூட்டிட்டுப் போவேன்?"

"எஞ்செடியில காயப் பறிச்சவளுக்கு எங்கூட்டுல இடமில்ல."

"காயா? அதப் பறிச்சு நா என்ன செய்யப் போறேன், ரசம் வைக்கவா? அந்த வழியா போகும்போது மூச்சு விடவே பயமா இருக்கு. அதையும் எண்ணுவிய!"

"பின்ன யாரு பறிச்சா? ஜின்னு பூதமா?"

"செடி வித்தவருகிட்டயே கேப்போம், வாங்க. நாந்தான் பறிச்சேன்னு அவரு சொல்லட்டும், இன்னைக்கே சாமானக் கட்டுதேன்."

மும்தாஜ் ஒரு கொம்பை ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டார். பேருந்தில் இருவரும் வெவ்வேறு இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

பண்ணையில் மத்தியாஸ் அகன்ற, அலையோடிய இலையைத் திருப்பிப் பார்த்தார். "இது ரொபஸ்டாச் சாதிக் காப்பி. வெக்கையத் தாங்கும்னுதான் நம்மூருக்கு இதக் கொடுக்கேன். வீட்டுல எத்தன செடி நிக்கி?"

"ஒண்ணுதான், அண்ணாச்சி."

"அப்ப யாரும் பறிக்க வேண்டாம், அதுவே உதுந்திரும். இந்தச் சாதிக்குத் தன் மகரந்தம் தனக்குச் சேராது. வேற நாத்துல வந்த இன்னொரு ரொபஸ்டா பக்கத்துல பூக்கணும். அராபிகாச் சாதின்னா ஒத்தச் செடியே காய்க்கும். ஆனா அது நம்ம வெயிலுல நிக்காது."

தேன்மொழி தலையை நிமிர்த்தினாள். மும்தாஜின் பார்வை மத்தியாஸ் மீது திரும்பியது. "இத அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்க ஒரு செடிதான கேட்டிய? கொல்லையில ஏற்கெனவே ஒண்ணு நிக்கின்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்சிய! சரி, அஞ்சாறு வாரத்துக்கு முன்னால மட்டும் அம்புட்டுப் பூ பூத்துதே, அது எப்படி?"

"மொட்டு வச்ச பொறவு காயப் போட்டிருப்பிய. ரெண்டு மூணு வாரம் தண்ணியில்லாம வாடணும். பொறவு ஒரு நல்ல நனைப்பு. ஒம்பதாம் நாளு வாக்குல கொத்தாப் பூக்கும். மலையில கோட மழ செய்யுத வேலை அது. தெனமும் ஊத்துனா மொட்டு தூங்கிக்கிட்டேதான் கெடக்கும்."

"இவ தெனமும்தான ஊத்துனா" என்றார் மும்தாஜ். பிறகு மெல்லத் திரும்பினார்.

தேன்மொழி சுவரோரம் இருந்த நாற்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா."

"மொத்தமே ரெண்டு தடவதான் ஒரு செம்பு ஊத்துனேன்கா. கடையில ஆள் இல்ல, ராத்திரிதான் வீட்டுக்கு வருவேன், மறந்துட்டேன். நீங்க வாரதுக்கு முந்துன நாளு பாத்தா, இலையெல்லாம் தொங்கிக் கெடக்கு. பயந்துபோயி மூணு குடம் ஊத்துனேன்."

மத்தியாஸ் வாய்விட்டுச் சிரித்தார். "ஒங்க நாலு வருசக் கவனிப்ப, இந்தப் பிள்ள மறதி செயிச்சிட்டு!"

மும்தாஜ் சிரிக்கவில்லை. திருடவில்லை என்பது தெளிவாகிவிட்டது; பொய் சொன்னாள் என்பதும் தெளிவாகிவிட்டது. பூ வந்ததோ அந்தப் பொய்யின் மறைவில் நடந்த தவற்றால். இவற்றில் எதை முதலில் கணக்கில் எடுப்பது என்று அவருக்குப் புரியவில்லை. பண்ணையில் இருந்த ரொபஸ்டாக் கன்றுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, வேர் தொட்டியின் அடியில் எட்டிப் பார்க்கிறதா என்று சோதித்தார். வேறொரு தோட்டத்து விதையில் முளைத்ததுதானா என்று மத்தியாஸிடம் மூன்று முறை கேட்டு, முழங்கால் உயரக் கன்று ஒன்றைத் தேர்ந்தார்.

"இது எப்பப் பூக்கும்?"

"ரெண்டு வருசமாவது ஆகும். ரெண்டையும் ஒரே நேரம் வாடப் போட்டு ஒரே நேரம் நனைங்க. பூத்ததும் இதுல உள்ள தூள அதுல ஒரு தூரிகையால தொட்டு வையுங்க. பொறவு காய் பழுக்கப் பத்து மாசம். தொட்டியில விளையுறது ரெண்டு தம்ளர் காப்பிக்கு வந்தாலே பெரிசு."

திரும்பும் பேருந்தில் கன்று தேன்மொழியின் மடியில் இருந்தது. மும்தாஜ் அவள் அருகிலேயே உட்கார்ந்தார், கன்றின் மேல் ஒரு கண் வைத்தபடி.

"இத ஒன் வாசல்ல வையி. வெயில் ஒம்பது மணிக்கு மேல படக்கூடாது. ஊத்துனா ஊத்துனேன்னு சொல்லு, மறந்தா மறந்தேன்னு சொல்லு."

தேன்மொழி கன்றை மடியில் நேராக நிமிர்த்திப் பிடித்தாள். "அப்ப வீடுக்கா?"

"பூக்கவே ரெண்டு வருசம் ஆகும்னு அந்த மனுசன் சொன்னாரே, ஒங்காதுல விழலையா?"