செங்கம்மாவுக்கு வந்த மூடிய கடிதம்

அசரியா என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் நாத்தனார் செங்கம்மா வாயால். “அந்த அசரியா கை வெளங்காம போவ!” என்று வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

எங்கள் சித்தூர்ப் பக்கம் ஆந்திராவோடு சேருமா சென்னையோடு சேருமா என்று பேச்சு ஓடிய வருஷம் அது. செங்கம்மா எருமை வாங்க, புத்தூர் ரங்கையா கடையில் தவணைக் கடன் எடுத்திருந்தாள். அவள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் கண்டதில் இரண்டு தவணை நின்றுபோனது. கடையிலிருந்து தெலுங்கில் ஒரு கார்டு வந்தது. அவளுக்குத் தமிழெழுத்துத்தான் தெரியும். தபால்காரர் பால் அளக்கிற இடத்தில் எல்லார் முன்னாலும் படித்தார். ‘நாணயம் கெட்டவளே, எருமையை ஓட்டிப்போவோம்.’ கீழே குமாஸ்தா அசரியாவின் கையெழுத்து.

அடுத்த இரண்டு கார்டையும் அவள் வாங்கவே இல்லை. திரும்பிப்போயின. கடைசியில் ரங்கையா குமாஸ்தாவையே அனுப்பினார். எட்டு மைல் நடந்து வந்தவர், செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“ஏம்மா, கடைக்கு வந்து சொல்லியிருக்கலாமே?”

“எனக்குத் தெலுங்கு படிக்க வராது. தபால்காரரு எல்லார் முன்னாலயும் படிச்சி, ஊரே சிரிச்சிக்கினு கீது. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது?”

அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தாள். குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கடையில் நடந்ததை அவரே பின்னால் சொன்னார். “மொதலாளி, பத்திரத்துல எருமைய பத்தி ஒரு எழுத்து இல்ல. செய்ய முடியாதத ஏன் எழுதணும்? கார்டும் திரும்பி வருது.”

“பின்ன, வெத்தல பாக்கு வெச்சி கூப்புடவா? நீ எழுதிப் பாரு. வரலன்னா அந்தத் தவணைய உன் சம்பளத்துல புடிப்பேன்.”

நாற்பது ரூபாய் சம்பளம், மூன்று பிள்ளைகள். நாலு தரம் எழுதிக் கிழித்தாராம். கடைசியில் மூடிய உறையில், தமிழில், இப்படி வந்தது:

‘ஐப்பசி, கார்த்திகைத் தவணை பதினாறு ரூபாய் வரவில்லை. மார்கழி பத்துக்குள் கட்டவும். முழுதும் முடியாவிட்டால் அதற்குள் கடைக்கு வந்து, எவ்வளவு, எப்போது என்று சொல்லவும். கட்டியிருந்தால் ரசீதைக் காட்டவும். பாக்கி தீரும்வரை புதுக்கடன் கிடையாது.’

செங்கம்மா எழுத்துக் கூட்டி மூன்று தரம் படித்தாள். “விடமாட்டான் போலக்கீது,” என்றாள். ஆனால் திட்டவில்லை.

ஒன்பதாம் தேதி ஐந்து ரூபாயோடு போனாள். மிச்சத்துக்கு வாரம் இரண்டு ரூபாய் என்று பேச்சு. ரங்கையா முகத்தைத் தூக்கிக்கொண்டே ரசீது போடச் சொன்னார். அசரியா சம்பளத்தில் தவணையைப் பிடிக்கவில்லை. உறைக்கான காசைப் பிடித்தார்.

அடுத்த ஆடியில் கடன் முடிந்தது. அதற்குள் பாக்கி வைத்த மற்றவர்களுக்கும் அந்த மாதிரியே எழுதச் சொல்லிவிட்டார் ரங்கையா. மாசம் நாற்பது கடிதம். விரல் மரத்துப்போய், சோற்றைப் பிசையக்கூட முடியாது என்பார் அசரியா. அப்படியே இருபத்தாறு வருஷம்.

இப்போது அவர் சித்தூரில், மகள் மேரி வீட்டில் இருக்கிறார். அங்கே பார்க்கப் போனபோதுதான் இதையெல்லாம் என்னிடம் சொன்னார்.