உ போட்ட விடைத்தாள்

செகந்திராபாத் ஏ.எஸ்.ராவ் நகர் மளிகைக் கடை சந்திரசேகரனுக்கு முப்பத்தெட்டு வயது. பத்தாம் வகுப்பில் கணக்கு ஒன்றில் மட்டும் மூன்று மார்க்கில் கோட்டை விட்டவர். அப்போது சப்ளிமென்டரி மறுதேர்வுக்குப் பணம் கட்டி, முதல் தாளை எழுதிவிட்டு, இரண்டாம் நாள் பயந்துபோய் வாசலோடு திரும்பி வந்த மகாவீரர். அதன்பின் எந்தப் படிவத்திலும் 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தைக் கண்டாலே பேனா நின்றுவிடும். அந்த அவமானத்தை ஒருமுறையாவது துடைத்தெறிய வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

2004 ஜூனில் அதற்கு வேளை வந்தது. படித்த பள்ளிக்கே போய், மங்கிப்போன மார்க் சீட்டை, அந்த ஃபெயில் மெமோவைக் காட்டினார். தலைமையாசிரியர் பழைய பதிவேட்டில் பெயரைத் தேடிப்பிடித்து விண்ணப்பத்தில் முத்திரை குத்தினார். ஹால் டிக்கெட் வந்தபோது, தேர்வு மையம் அன்று ஓடிவந்த அதே செகந்திராபாத் பள்ளிக்கூடம்! கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், பத்து முடித்து இண்டர் படிக்கும் மகள் சௌம்யா.

"அப்பா, ஸ்டெப்ஸ் போடணும். ஆன்சர் மட்டும் நக்கோ, வேண்டவே வேண்டாம்" என்று மிரட்டுவாள். கடைக்காரருக்கோ விடை மனதிலேயே வந்துவிடும், வழிதான் வராது.

முதல் தாள் ஒருமாதிரி போயிற்று. ஐம்பதுக்குப் பதினெட்டு தேறும் என்று கணக்குப் போட்டார். இரண்டு தாளும் சேர்ந்து முப்பத்தைந்து வேண்டும். ஆக, இன்று இரண்டாம் தாளில் பதினேழு எடுத்தாக வேண்டும்.

"பயந்துக்கிட்டு திரும்பி வந்துடாதீங்க" என்று ராஜம் வாசலில் நின்று சொன்னாள். இருபது வருஷத்துக்கு மேற்பட்ட கதையை மனைவிமார் மறப்பதே இல்லை.

ஒன்பதரைக்குத் தாள் கொடுத்தார்கள். 'ஏ' பகுதிக்கு இரண்டு மணி நேரம், முப்பத்தைந்து மார்க். கடைசி அரைமணிக்கு 'பி' பகுதி, பதினைந்து மார்க், எல்லாம் ஒரு வரி பிட் கேள்விகள். சுற்றிலும் மீசை அரும்பாத பிள்ளைகள்; முதலில் இவரைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து எழுந்து நின்றவர்கள். சராசரி, இடைநிலை, அணி என்று வரிசையாக வந்தது. வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்தபோது அவருக்கே தன்னை மெச்சத் தோன்றியது.

பத்தேகாலுக்குக் கையெழுத்துப் போட வந்த கண்காணிப்பாளர் சுமலதா டீச்சர் விடைத்தாளைப் புரட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அங்க்கிள், யே க்யா ஹை? என்ன இது, ஒவ்வொரு பக்கத்துலயும்?"

ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் 'உ'. இருபது வருஷமாகப் பிள்ளையார் சுழி போடாமல் ஒரு சாமான் சீட்டுகூட எழுதியறியாத கை. தேர்விலும் அதன்பாட்டுக்குப் போட்டிருக்கிறது. கடவுள் பெயர், குறி, அடையாளம் எதுவும் இருக்கக் கூடாதென்று ஹால் டிக்கெட்டின் பின்னாலேயே அச்சிட்டிருந்ததை அவர் படித்துமிருந்தார். இந்தச் சின்னச் சுழி அதில் சேரும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

தலைமைக் கண்காணிப்பாளர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் விதியை விடாதவர்.

"திருத்துறவர் இதை அடையாளம்னு எடுத்துக்கிட்டா உங்க பேப்பர் போச்சு. இதைக் கேன்சல் பண்ணிட்டுப் புதுசு தர்றேன், நம்பரை நோட் பண்ணிக்கிறேன். டைம் மட்டும் ஜாஸ்தி கிடையாது. என்ன சொல்றீங்க?"

மணி பத்து இருபத்தைந்து. 'ஏ' பகுதிக்கு இன்னும் அறுபத்தைந்து நிமிடம். சந்திரசேகரனுக்கு வாசல் கண்ணில் பட்டது. அன்று திரும்பி ஓடிய அதே பச்சைக் கதவு. ராஜத்தின் குரல் காதில் கேட்டது.

"புதுசு குடுங்க சார்."

பழைய தாளின் குறுக்கே கோடு விழுந்தது; மேஜைக்குப் போய்விட்டது. ஆனால் எழுதிய விடைகள் மண்டையில் இருந்தனவே! சனிக்கிழமைக் கூட்டத்துக்குச் சீட்டெழுதும் வேகத்தில் எழுதினார். நான்கு மார்க் கேள்வி ஒன்றைத் துணிந்து விட்டார். தொடுகோட்டை விடவில்லை, காம்பஸை அழுத்திப் பிடித்து மறுபடி வரைந்தார். பக்கம் திருப்பும்போதெல்லாம் கை மேலே போகும்; இழுத்து, தொடையில் விரலால் சுழித்துக்கொண்டு கீழே இறங்குவார். பிள்ளையாருக்கும் அன்று வேட்டிதான் இருப்பிடம்.

முடிவில் கூடுதல் தாள், 'பி' பகுதி எல்லாவற்றையும் சேர்த்து நூலால் கட்ட வேண்டும். அவர் போட்ட முடிச்சை அவிழ்க்கக் கத்தி வேண்டியிருந்திருக்கும்.

முடிவு வந்த அன்று இண்டர்நெட் சென்டரிலிருந்து சௌம்யா கடைக்கு ஓடிவந்தாள். "அப்பா, தர்ட்டி செவன்! பாஸ்!"

அவருக்குத் தராசு முள் மங்கலாகத் தெரிந்தது. எதிரே நின்ற பெண்மணிக்கு அரைக்கிலோ பருப்பை ஒரு கிலோவாகப் போட்டுவிட்டார், திரும்ப வாங்கவும் மனம் வரவில்லை.

அடுத்த மாதம் பாஸ் மெமோ வாங்கப் பழைய பள்ளிக்குப் போனபோது, தலைமையாசிரியர் கையெழுத்துப் போடப் பதிவேட்டை நீட்டினார். சந்திரசேகரன் பேனாவை எடுத்தார். கை பழக்கப்படி மேலே போய், பாதியில் நின்றது.

"சார், இங்க ஒரு சுழி போட்டுக்கலாமா?"

நடந்ததையெல்லாம் கேட்டறிந்திருந்த தலைமையாசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "பெட்டுகோண்டி, நல்லாப் போட்டுக்கோங்க! இது பரீட்சை இல்லையே!"

சந்திரசேகரன் நிதானமாக, அழகாக, ஒரு 'உ' போட்டார். அதற்குக் கீழே பெயர். அதற்கும் பக்கத்தில், யாரும் கேட்காமலே, 'பத்தாம் வகுப்பு பாஸ்' என்று எழுதினார்.