இரண்டு நாள் அவதி

ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைச் சொல்லவே எனக்கு நா எழாது. அப்படிப்பட்டவள் அச்சில் வரும்படி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடியாமல் போன ஒரு காரியம் என்பதால் எழுதிப் பார்க்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது மலையாள ராஜ்யத்தோடு சேர்ந்திருந்த தேங்காய்ப்பட்டணத்துக்கு ஒரு மைல் உள்ளே எங்கள் வீடு. அங்கிருந்து இரண்டு மைல் நடந்தால் மிஷன் பள்ளி. நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். அந்த வருஷம் நாகர்கோவிலில் பள்ளிக்கூடங்களுக்கென்று ஒரு சயன்ஸ் பொருட்காட்சி நடக்கும் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் பள்ளி சார்பில் ஒரு தண்ணீர் வடிகட்டியை வைப்பதாக சயன்ஸ் டீச்சர் முடிவு செய்தார். மூன்று பானைகள், ஒன்றன்மேல் ஒன்று. மேல் பானையில் கரி, நடுப் பானையில் மணல், கீழ்ப் பானையில் தெளிந்த தண்ணீர். கரியை இடித்ததும், ஆற்று முகத்திலிருந்து மணல் கொண்டுவந்து கலங்கல் போகும்வரை கழுவியதும், பானைகளின் அடியில் உடையாமல் துளை போட்டதும் நான். அதனால் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லவும் என்னையே தேர்ந்தெடுத்தார். சொல்ல வேண்டியது நாலே வாக்கியம். அதை நான் தென்னைகளுக்கு நடுவே நின்று ஒரு மாதம் சொல்லிப் பழகினேன். வாழ்க்கையில் அதற்கு முன்போ பின்போ நான் எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

பொருட்காட்சி வியாழனும் வெள்ளியும். புதன்கிழமை மதியம் இரண்டு மணி பஸ்ஸில் டீச்சர் அழைத்துப் போவதாக ஏற்பாடு. அதற்குமுன் நான் வகுப்பு சாருக்கு லீவு விண்ணப்பம் கொடுக்கவேண்டும், அதில் அப்பாவின் ஒப்பு, அதாவது கையெழுத்து, இருக்கவேண்டும். ஒப்பு இல்லாத விண்ணப்பத்தை அவர் தொடவே மாட்டார். பிள்ளைகளே எழுதிப் பிள்ளைகளே ஒப்பிட்டுக் கொண்டுவந்து அவரை ஏமாற்றியதுண்டு. அதனால் பிள்ளை எழுதியதைப் பார்க்குமுன் பெரியவர் எழுதியதைத்தான் படிப்பார்.

அப்பா தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு கயிற்றுப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். சரக்கோடு கொல்லத்துக்குப் போயிருந்தவர் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் திரும்பினார். நான் எழுதி வைத்திருந்ததைப் படித்தார்:

“மதிப்பிற்குரிய வகுப்பாசிரியர் அவர்களுக்கு, ஆறாம் வகுப்பு மாணவி பணிவுடன் எழுதும் விண்ணப்பம். நாகர்கோவில் சயன்ஸ் பொருட்காட்சியில் நம் பள்ளிக்காக நிற்க வேண்டியிருப்பதால், வியாழன், வெள்ளி ஆகிய இரு தினங்களும் எனக்கு விடுமுறை அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

நன்றாயிருக்கிறது என்றார். ஒப்புக்கு மேலே தகப்பன் ஒரு வார்த்தை எழுதினால்தான் மரியாதை என்று சொல்லி, பேனாவை மையில் தொட்டு எழுதினார்: “என் மகளுக்கு இரண்டு நாள் அவதி. தயவு உண்டாக வேண்டும்.”

எங்கள் மேற்குப் பக்கத்தில் லீவுக்கு அவதி என்றுதான் பேச்சு. மலையாளத்திலிருந்து வந்த வார்த்தை என்று யாரும் நினைப்பதில்லை. பள்ளிக்கு அவதி, சர்க்கார் கச்சேரிக்கு அவதி, பண்டகசாலைக்கு அவதி. தமிழ் தேசத்தில் அவதி என்றால் வேதனை, உபத்திரவம் என்பது எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. என்னை வழியனுப்புவதற்காக அப்பாவும் புதன்கிழமை ஒருநாள் அவதி கேட்டிருந்தார்.

எங்கள் வகுப்பு சார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் பாண்டிச் சார் என்பார்கள். நல்ல மனுஷன். ஆனால் அந்த மாதம் கடற்கரையில் வாந்திபேதி இறங்கியிருந்தது. இனயம் பக்கம் கோயிலில் சாவு மணி அடிக்கும் ஓசை காற்றில் வந்தால் அம்மா விரலை மடக்கி எண்ணுவாள், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. யாருக்காவது தீனம், நோய் என்று தெரிந்தால் உடனே பகுதிக் கச்சேரி என்ற சர்க்கார் ஆபீசுக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்று பள்ளிகளுக்கெல்லாம் உத்தரவு வந்திருந்தது. அதை ஹெட்மாஸ்டர் காலை ஜெபம் முடிந்ததும் வாசித்தார்.

புதன்கிழமை காலை ஆஜர் எடுத்து முடித்ததும் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். சார் வழக்கம்போல அடியிலிருந்து படித்தார். பிறகு மேலே படித்தார். பிறகு மறுபடியும் அடியில். தாளை மேசைமேல் வைத்துவிட்டு, விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். எதற்காகத் துடைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

“இது உங்க அப்பா எழுதினதுதானா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“உனக்கு ரெண்டு நாளா அவதியா?”

இரண்டு நாள் லீவா என்று கேட்கிறார் என்றே என் காதில் விழுந்தது. “ஆமா சார்” என்றேன்.

“வீட்டுல வேற யாருக்காவது உண்டுமா?”

“அப்பாவுக்கு உண்டு சார். இன்னைக்கு ஒருநாள்.”

சார் எழுந்து நின்றார். முதல் பெஞ்சிலிருந்தவர்களைப் பின்னால் போகச் சொன்னார். என்னிடம் தாழ்ந்த குரலில், “இதை வச்சுக்கிட்டா நாகர்கோவில் போகணும்னு வந்தே?” என்று கேட்டார். விண்ணப்பத்தை வைத்துக்கொண்டுதானே போகவேண்டும்? அதற்கும் ஆமாம் என்றேன்.

அவர் முகம் வெளுத்ததை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

பள்ளிக்குப் பின்னால் விறகு போடும் ஒரு சாய்ப்பு இருந்தது. அங்கே போய் இருக்கச் சொன்னார்கள். ஏதோ தப்பு செய்துவிட்டேன், கையெழுத்து மோசம் போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்கத் தைரியமில்லை. பள்ளிப் பியூன் குடையை எடுத்துக்கொண்டு கடற்கரை வழியில் வேகமாகப் போவதைப் பார்த்தேன். அவர் மடியில் ஒரு கடிதம் நீட்டிக்கொண்டிருந்தது. சயன்ஸ் டீச்சர் தூரத்தில் வந்து நின்று, என்னைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அவர் அழுததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. எனக்கே ஏதோ வந்துவிட்டது, மற்றவர்களுக்குத் தெரிகிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று தோன்றிற்று. வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். பசியா வலியா என்று சொல்லமுடியவில்லை.

ஒன்றரை மணிக்கு என் வகுப்புக்காரி ஒருத்தி வந்தாள். பாட்டுப் போட்டியில் எப்போதும் அவள்தான் முதல், கணீரென்ற தொண்டை. பத்தடிக்கு அப்பால் நின்று தாவணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

“ஏட்டி, முதல்ல கரியா, மணலா?”

“கரி” என்றேன்.

“எத்தன நேரம் வச்சா தண்ணி தெளியும்?”

சொன்னேன். நாலு வாக்கியத்தையும் மெதுவாகச் சொன்னேன். அவள் உதட்டை அசைத்துக் கூடவே சொல்லிப் பார்த்தாள். போகும்போது, “நீ சாவாண்டாம் மக்கா” என்றாள். அவள் மனதார வேண்டித்தான் சொன்னாள். அன்று முழுக்க என்னிடம் வெளிப்படையாகப் பேசியது அவள் ஒருத்திதான். இரண்டு மணிக்கு பஸ் ஹாரன் கேட்டது. சாய்ப்பின் இடுக்கு வழியாக, மூன்று பானைகளையும் வைக்கோல் சுற்றி மேலே ஏற்றுவதைப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு மலையாள முன்ஷி வந்தார். மதியத்துக்குமேல்தான் அவருக்கு வகுப்பு. ஹெட்மாஸ்டர் மேசையில் என் விண்ணப்பம் ஒரு கல்லுக்கு அடியில் கிடந்திருக்கிறது. என்ன இது என்று எடுத்துப் படித்திருக்கிறார். அவர் சிரித்த சத்தம் சாய்ப்பு வரைக்கும் கேட்டது.

“சாரே, அவதின்னா லீவாக்கும். இந்த ஊருல பிள்ளையள் அவதி கிட்டினா குதிச்சிட்டு ஓடும். நிங்க அதைப் பிடிச்சு விறகுப்பெரையில போட்டிருக்கு.”

வேறு யாரும் சிரிக்கவில்லை. ஹெட்மாஸ்டர் சாளரத்தண்டை போய் நின்று கடற்கரை வழியைப் பார்த்தார். பியூன் போய் நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

என்னைக் கூப்பிட்டு, ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ என்றார்கள். வகுப்பு சார் என் முகத்தைப் பார்க்காமல், விண்ணப்பத்தின் மூலையில் “அனுமதிக்கப்பட்டது” என்று எழுதி ஒப்பிட்டு, ஆஜர் புத்தகத்திலும் மையால் ஏதோ குறித்தார். இனி எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் அந்த நேரத்தில் வேறென்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

வீட்டு முனை திரும்பும்போதே ஆட்கள் கூட்டமாக வேலிக்கு வெளியே நிற்பதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் வழிவிட்டார்கள். வழிவிட்டது மரியாதையால் அல்ல. முற்றத்தில் சுண்ணாம்புப் பொடி தூவியிருந்தது. கிணற்றுக் கயிற்றை அறுத்து எரித்திருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் ஊதா நிறத்தில், கண்ணாடிபோல அசையாமல் கிடந்தது. கச்சேரியிலிருந்து இரண்டு பேர் வந்து மருந்து கலக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

அம்மா என்னைப் பிடித்து நெற்றியைத் தொட்டாள், நாக்கை நீட்டச் சொன்னாள், கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். பள்ளியில் மகள் விழுந்துவிட்டாள், தகப்பனுக்கும் தொடங்கிவிட்டது, அவதி என்று தகப்பனே எழுதித் தந்திருக்கிறார் என்று சொல்லி, வேலியைத் தாண்டக்கூடாது என்று கச்சேரி ஆட்கள் உத்தரவிட்டிருந்தார்கள். அப்பா வேலியோரம் நின்று ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

“நான் அவதின்னுல்லா எழுதினேன். அவதின்னு.”

எங்கள் கிணற்றில்தான் அக்கம்பக்கத்து ஆறு வீட்டுக்காரர்களும் தண்ணீர் கோரி எடுத்தார்கள். அடுத்த வீட்டு அக்கா குடத்தை இடுப்பில் வைத்தபடி கேட்டாள்: “ஒண்ணுமில்லாமலா சர்க்கார் ஆளு வந்து மருந்து போட்டிட்டுப் போவான்? எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் பிள்ளையளுக்கு இந்தத் தண்ணியக் குடுத்திருப்பேனா?”

அம்மா என்னை இழுத்து முன்னால் நிறுத்தினாள். “நீயே சொல்லு மக்களே. ஒனக்கு ஒண்ணுமில்லன்னு நீயே சொல்லு.”

இருபது பேர் இருக்கும். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அவதி என்றால் சாருக்கு வேறே அர்த்தம், அவர் கேட்டது வேறே, நான் சொன்னது வேறே என்று சொல்லவேண்டும். மூன்றே வாக்கியம். எனக்கு நா எழவில்லை. கால் நடுங்கிற்று. அதைப் பார்த்ததும் அந்த அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு மேற்கே, பெரிய குளத்தின் பக்கமாக நடந்தாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். குளத்துத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்று அந்த மாதம் எல்லாருக்கும் சொல்லியிருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. நான் பள்ளிக்குப் போனேன். ஆஜர் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே லீவு என்று முந்தின நாளே எழுதியாகிவிட்டதால், சார் என் பெயரைக் கூப்பிடவில்லை.