இரண்டு சாக்பீஸ் பெட்டிகள்

"சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாம், யாருக்கும் மனஸ்தாபம் இருக்காது" என்று எவராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மனஸ்தாபம் இருக்காதாம். பெட்டி எத்தனை, எந்தப் பெட்டியில் எத்தனை சீட்டு என்பதையெல்லாம் ஒருவன் முன்கூட்டியே தீர்மானித்து வைத்துவிட்டு, பிறகு கையை விரித்துக் காட்டுவான், எல்லாம் அதிர்ஷ்டம் என்று. அதை நம்பி நாமும் வரிசையில் நிற்போம்.

அறுபதுகளில் நான் செஞ்சியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. மேல்மலையனூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் புதிதாக உயர்நிலைப் பள்ளி தொடங்குகிறார்கள், எங்கள் பட்டதாரி ஆசிரியர்களில் ஒருவர் ஒரு வருஷத்துக்கு அங்கே போக வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு மைல் நடக்க வேண்டிய ஊர். தினமும் போய் வர முடியாது, அங்கேயே தங்கியாக வேண்டும்.

நாங்கள் எட்டுப் பேர். ஆண்கள் ஆறு, பெண்கள் இரண்டு. இன்னொரு பெண் சரித்திர டீச்சர். அவளுக்கு ஏழு மாசக் கைக்குழந்தை. மத்தியான மணி அடித்ததும் கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த வீட்டுக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு, அடுத்த மணிக்குள் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவாள். அவள் பெயர் வந்தால் வேலையை விடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்பின் தெரியாத ஊரில் போய் இருக்க அவள் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இது எங்கள் எட்டுப் பேருக்கும் தெரியும். தலைமை ஆசிரியருக்கும் தெரியும்.

தலைமை ஆசிரியர் ஒரு திட்டத்தோடு ஆசிரியர் அறைக்கு வந்தார். இரண்டு காலி சாக்பீஸ் பெட்டிகள். ஒன்றில் ஆண்களின் ஆறு சீட்டு, மற்றதில் பெண்களின் இரண்டு சீட்டு. முதலில் பூவா தலையா. தலை விழுந்தால் ஆண்கள் பெட்டி, பூ விழுந்தால் பெண்கள் பெட்டி. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு சீட்டு.

"ஆணும் பெண்ணும் சரிசமம். இதுல யாரும் குறை சொல்ல முடியாது" என்றார். பிறகு, ஏதோ சில்லறை விஷயம் போல, இன்னொன்றும் சொன்னார். ஆண்களில் இரண்டு பேரை அனுப்ப முடியாது. ஒருவர் சீனியர் கணக்கு வாத்தியார், பதினோராம் வகுப்பு அவர் கையில் இருக்கிறது. இன்னொருவர் சாரணர் படையைப் பார்த்துக்கொள்கிறவர், தலைமை ஆசிரியருக்கு மைத்துனர் முறை. அவர்கள் பெயரும் பெட்டியில் இருக்கும், இல்லாவிட்டால் பாரபட்சம் என்று பேசுவார்களாம். அந்த இரண்டு பேரில் ஒருவர் சீட்டு வந்தால் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, பெண்கள் பெட்டியிலிருந்து ஒன்று எடுப்பார்களாம்.

கேட்கும்போதே மனசுக்குள் அதற்குப் பின்னம் எழுதிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அதற்கு முந்தின கோடை விடுமுறையில் நானும் அந்த சீனியர் வாத்தியாரும் மெட்ராசுக்குப் போய் புதுக் கணக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்திருந்தோம். நிகழ்தகவு என்ற சொல்லையே அங்கேதான் முதல் முறையாகக் கேட்டோம். மர வரைபடம் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு புள்ளியிலிருந்து கிளை பிரிய வேண்டும், ஒவ்வொரு கிளைமேலும் அதன் பின்னத்தை எழுத வேண்டும், இரண்டாவது கிளையில் எழுதுவது முதல் கிளை நடந்த பிறகு உள்ள வாய்ப்பு மட்டுமே. ஒரு வழியாகப் போகும்போது பெருக்கு, ஒரே முடிவுக்கு வருகிற வழிகளையெல்லாம் கூட்டு. அவ்வளவுதான் சங்கதி. பயிற்சித் தேர்வில் அந்த மனிதர் கடைசிக் கிளையில் இருந்த பின்னத்தையே விடையாக எழுதிவிட்டுத் திட்டு வாங்கினார். திண்டிவனம் வரும் வரைக்கும் பஸ்ஸில் நான்தான் அவருக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். "அட ஆமாம்மா, முதல் கிளையை விட்டுட்டேன்" என்று தலையில் தட்டிக்கொண்டார்.

நான் எழுந்து போய்க் கரும்பலகையில் அந்த மரத்தைப் போட்டேன். முதலில் இரண்டு கிளை, ஆண்கள் பெட்டி பாதி, பெண்கள் பெட்டி பாதி. ஆண்கள் பெட்டியிலிருந்து மறுபடி இரண்டு கிளை. ஆறில் நாலு சீட்டு போகக்கூடியவர்கள், அது மூன்றில் இரண்டு. ஆறில் இரண்டு சீட்டு போகாதவர்கள், அது மூன்றில் ஒன்று, அந்தக் கிளை நேராகப் பெண்கள் பெட்டிக்குத் திரும்புகிறது.

"பன்னெண்டு தடவை குலுக்குறதா வெச்சுக்குங்க சார்" என்றேன். பின்னம் என்றாலே சிலர் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும். "ஆறு தடவை நேரா பெண்கள் பெட்டி. மீதி ஆறுல ரெண்டு தடவை இவங்க ரெண்டு பேர் சீட்டு வரும், அப்பவும் பெண்கள் பெட்டி. ஆக எட்டு தடவை எங்க ரெண்டு பேர்ல ஒருத்தி. மிச்சம் நாலே நாலு தடவைதான் மத்த நாலு ஆம்பளைங்கள்ல ஒருத்தர். எனக்கு மூணுல ஒண்ணு, இவளுக்கு மூணுல ஒண்ணு. ஒரு ஆம்பளைக்குப் பன்னெண்டுல ஒண்ணு. இதுவா சரிசமம்? போகக்கூடிய ஆறு பேர் சீட்டையும் ஒரே பெட்டியில போடுங்க, நான் வாயைத் திறக்கல."

ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டைப் பாறை வெயிலில் வெந்துகொண்டிருந்தது. தலைமை ஆசிரியர் சீனியர் வாத்தியாரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க சார், இந்தப் படம் இன்னா சொல்லுது?" என்றார்.

அவர் எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, கடைசிக் கிளைகள் இரண்டையும் தட்டிக் காட்டினார்.

"டீச்சர் போட்ட படம் சரிதான். படிக்கிறதுதான் தப்பு. இங்க பாருங்க, கடைசில பெண்கள் பக்கம் போற கிளை மூணுல ஒண்ணு. ஆண்கள் பக்கம் மூணுல ரெண்டு. ஆம்பளைங்களுக்குத்தான் ஜாஸ்தியா இருக்குது."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. அவருக்குத் தெரியும். பஸ்ஸில் அத்தனை தூரம் மண்டையில் ஏற்றிய விஷயம் அது. உண்மை அப்படியே தலைகீழ். பெண்கள் பக்கம் மூன்றில் இரண்டு, ஆண்கள் பக்கம் மூன்றில் ஒன்று. அன்றைக்குத் தெரியாமல் செய்த பிழையை இன்றைக்குத் தெரிந்தே செய்கிறார், அதுவும் நான் போட்ட படத்தின் மேலேயே.

"சார், அது ஆண்கள் பெட்டி வந்த பிறகு உள்ள கணக்கு" என்று கத்தினேன். "அந்தப் பெட்டியே பாதி தடவைதான் வரும். மூணுல ரெண்டைப் பாதியால பெருக்கினா மூணுல ஒண்ணு. நேரா பெண்கள் பெட்டிக்குப் போற பாதி எங்க போச்சு? முழுங்கிட்டீங்களா?"

"கணக்குல பெரியவர் சொல்லிட்டார், அப்புறம் இன்னா?" என்றார் தலைமை ஆசிரியர். மற்ற நாலு ஆண்களும் ஜன்னலைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் புரியவில்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை. பன்னிரண்டு தடவைக் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

சம்மதம் என்று எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். சரித்திர டீச்சர்தான் முதலில் போட்டாள். மணி அடிக்கப்போகிறது, குழந்தை பசியோடு இருக்கும், அவள் கண்ணெல்லாம் வாசலில் இருந்தது. தாள் சுற்றி வந்து கடைசியில் என் முன்னால் நின்றது. நான் பேனாவைத் தொடவில்லை.

தலைமை ஆசிரியர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "எட்டுக் கையெழுத்தும் இல்லாட்டி சீட்டே வேணாம்மா. நானே ஒரு பேரை எழுதி அனுப்பிடறேன். யார் பேருன்னு உங்களுக்கே தெரியும்."

என் பெயர். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் நைனா மட்டும், பக்கத்துத் தெருவிலேயே அண்ணன். கஷ்டப்பட்டாவது ஒரு வருஷம் அந்த ஊரில் இருந்துவிட்டு வந்திருக்க முடியும். அந்த நிமிஷத்தில் என் மனசு ஒரே ஒரு கணக்குப் போட்டது. கையெழுத்துப் போட்டேன்.

நாணயத்தைச் சுண்டினார். தலை. சரித்திர டீச்சர் மூச்சு விட்டாள். "அக்கா, ஆம்பளைங்க பெட்டி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அட்டெண்டர் ஆண்கள் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். சீனியர் வாத்தியாரின் பெயர். ஒருவர் சிரித்தார், "சாருக்கு அதிர்ஷ்டம் பாரு" என்று. அந்த மனிதர் தன் சீட்டை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சரித்திர டீச்சர் என் கையை விட்டாள்.

பெண்கள் பெட்டியில் இரண்டே சீட்டு. அட்டெண்டருக்குக்கூட மனசு வரவில்லை. "நான் எடுக்கலம்மா, நீங்களே யாராவது எடுங்களேன்" என்றார். தலைமை ஆசிரியர் அதட்டிய பிறகு எடுத்தார். அவள் பெயர்.

அதைப் படித்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஒரு நொடிதான். தலைமை ஆசிரியர், சீனியர் வாத்தியார் இரண்டு பேர் மேலும் எனக்கு இருக்கிற கோபத்தைவிட, அந்த ஒரு நொடி மேல் எனக்கு இருக்கிற கோபம் பெரிது.

ஐந்து நாள் கழித்து அவள் ராஜினாமாக் கடிதத்தோடு வந்தாள். இடுப்பில் குழந்தை, பள்ளிக்கு முதல் முறையாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தபோது நான் மட்டும் இருந்தேன். கரும்பலகையை யாரோ அரைகுறையாகத் துடைத்திருந்தார்கள், மரத்தின் முதல் இரண்டு கிளைகள் இன்னும் லேசாகத் தெரிந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நீங்க போட்ட கணக்கு சரிதானே?"

"சரிதான்."

"சீட்டு வேணாம்னு நீங்க நின்னிருந்தா யாரை அனுப்பியிருப்பாங்க?"

"என்னை."

"அப்போ ஏன்க்கா கையெழுத்து போட்டீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். குழந்தை என் புடவைத் தலைப்பை எட்டிப் பிடித்தது, அவள் அதன் விரல்களைப் பிரித்து எடுத்தாள். மறுத்தால் நான் போவது நிச்சயம், போட்டால் மூன்றில் ஒன்று. இவ்வளவுதான் என்னிடம் இருந்த பதில். அதைச் சொல்லாமல் டஸ்டரை எடுத்து மிச்சமிருந்த இரண்டு கிளைகளையும் துடைத்தேன், அவளும் அதற்குமேல் நிற்கவில்லை.