தென்னேரி உரையில் சிவப்பு வட்டங்கள்

2025 ஜூலை 14, திங்கள்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்து, ஒருவருக்கு மட்டும் உப்புமா கிளறிச் சாப்பிட்டுவிட்டு, உத்திரமேரூர் பேருந்தில் பள்ளிக்குப் போனேன். கணவர் இறந்தபின் நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள்.

நான் இல்லாதபோது என் தமிழ்த் தாள்களை ஆங்கில ஆசிரியர் திருத்தி வைத்திருந்தார். அவை மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு மாணவர்கள் எழுதிய உரைகள். ஒருவர்தான் போகலாம். தென்னேரி என்ற ஏரியைப் பற்றி எழுதியிருந்த பத்தாம் வகுப்புப் பெண், அவர் சிவப்பு வட்டமிட்ட நிறுத்தற்குறிகளுக்காக மதிப்பெண் குறைந்து இரண்டாமிடத்தில் இருந்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. தாளை அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

“அவையோரேன்னு கூப்ட்டு ஆச்சரியக்குறி போட்டுகீது மேடம். அதுல இன்னா ஆச்சரியம்?”

“கூப்பிடறதுக்கும் தமிழ்ல அந்தக் குறிதான் சார். விளிக்குறி.”

“ஏரியும் வயலும் கிணறும்னு வருது. நடுவுல ஒரு கமா இல்ல.”

“உம் வந்தா கமா வேணாம். ஏரி, வயல், கிணறுன்னு எழுதினாத்தான் வேணும்.”

அவர் பேனாவை மூடினார். “ஒங்களுக்கு ஒத்தாசை பண்றேன்னு அந்தப் பொண்ண பேஜாராக்கிட்டனே.”

“நல்லதுக்குத்தான் சார் பண்ணீங்க.”

வட்டங்களை அடித்து, குறைத்த மதிப்பெண்களைச் சேர்த்தேன். அவள் முதலிடத்துக்கு வந்தாள். அதற்குள் தலைமையாசிரியர் கிளம்பிவிட்டிருந்தார்.

மறுநாள் காலை, பிரார்த்தனை மணி அடிக்கும் முன், அவளுடைய பெயரைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன்.