எழிலரசன் காதில் விழுந்த குரல்

பென்னலூர் எழிலரசனுக்குப் பதினெட்டு வருட அனுபவம். வாலாஜாபாத் முதல் சுங்குவார்சத்திரம் வரை அவன் கேமரா பார்க்காத கல்யாண மண்டபம் கிடையாது. ஆனால் அந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவன் கேமராவில் இயர்போன் செருகிக் கேட்டதில்லை. கேட்டால் நமக்கே புத்தி சொல்லுவான். "கல்யாண வீடியோல யாருங்க பேச்சு கேக்கறாங்க? எப்டியும் மேல பாட்டுதான் போடப்போறோம்." இந்தத் தொழிலில் பாதிப் பேர் இப்படித்தான். ஆகையால் அவனை மட்டும் திட்டிப் பயனில்லை.

ஒரகடத்தில் லாரிக்குப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து சனிக்கிழமை காலை அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். வேலை சின்னதுதான். அங்கே காவேரி என்று ஒரு லைன் லீடர். பதினொரு வருடமாக ஒவ்வொரு முதல் ஷிப்டுக்கும் மைக்கில் நின்று பாதுகாப்பு உறுதிமொழி சொல்பவர். அவர் ஒரு வரி சொல்ல, எண்ணூறு பேர் திருப்பிச் சொல்வார்கள். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் இரைச்சலையும் தாண்டி எல்லோர் காதிலும் போய் விழுகிற குரல் அது. இப்போது அவர் கழுத்தில் தைராய்டு கட்டி. திங்கட்கிழமை ஆபரேஷன். கட்டி குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருப்பதால் நரம்பையும் எடுக்க வேண்டும், அதன் பிறகு பழைய குரல் வராது என்று டாக்டர் தெளிவாகவே சொல்லிவிட்டார். அதற்குள் உறுதிமொழியைப் பதிவு செய்து வைத்துவிடலாம், தினமும் அதையே போடலாம் என்பது பாதுகாப்பு அதிகாரி சுப்பிரமணியின் யோசனை.

பயிற்சி அறையில் காவேரியும் மகள் ரஞ்சனியும் உட்கார்ந்திருந்தார்கள். ரஞ்சனிக்கு இருபத்தோரு வயது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை.

"தம்பி, ரொம்ப நேரம் பேசவுடாத. ரெண்டு மூணு வாட்டிக்கு மேல பேசினா இருமல் புடிச்சிக்கும், அப்புறம் குரல் கம்மிடும்" என்றார் காவேரி.

"ஒரே டேக்கு, அக்கா" என்றான் எழிலரசன்.

சின்ன மைக்கை அவர் காலரில் குத்தினான். குரலை வயரில்லாமல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை இடுப்பில் மாட்டினான். கேமராவின் தலையில் அதை வாங்கும் ரிசீவர், அதிலிருந்து கேமராவுக்கு ஒரு குட்டி வயர். ரிசீவரிலும் கேமராவிலும் கெயினை, அதாவது சத்தத்தை உள்ளே இழுக்கும் அளவை, முழுசாக ஏற்றி வைத்தான். மண்டபத்தில் தூரத்து ஐயர் பேச்சைப் பிடிக்க அவன் செய்யும் வேலை அது. காவேரி வாய் திறந்ததும் திரையில் சத்த அளவைக் காட்டும் பட்டை சிவப்பில் போய் முட்டி நின்றது. நல்லா ஏறுது என்று அவன் மகிழ்ந்தான். என்னத்தைச் சொல்ல.

உறுதிமொழி முடிந்தது. "கொஞ்சம் கேக்கலாமாண்ணா?" என்று ரஞ்சனி தன் இயர்போனை நீட்டினாள். ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் அவன். காதில் வந்தது குரலே இல்லை. தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு கரகரப்பு, அதற்குள் எங்கேயோ ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள்.

ரஞ்சனி இயர்போனைக் கழற்றினாள். "எங்கம்மா இப்டியா பேசுச்சி?"

"கம்ப்யூட்டர்ல சத்தத்தக் கொறச்சிட்டா சரியாயிடும்ல?" என்று கேட்டார் சுப்பிரமணி.

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? உள்ளே போகும்போதே உச்சி வெட்டுப்பட்ட குரலைப் பிறகு சன்னமாக்கலாமே தவிர, முழுசாக்க முடியாது. எழிலரசனுக்கு முகம் சுருங்கியது. "வராது சார். என் தப்பு" என்றான். காவேரி தண்ணீர் குடித்துவிட்டு இருமினார். அந்த இருமல் அவனை என்னமோ செய்தது.

ரஞ்சனியின் இயர்போனைக் கேமராவில் செருகி, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டான். ரிசீவரின் கெயினைக் குறைத்தான், கேமராவில் இன்னும் குறைத்தான். காவேரியை ஒரு வார்த்தை மட்டும் சொல்லச் சொன்னான். பட்டை பச்சையில் ஏறி, மஞ்சள் தொடங்கும் இடத்தில் தொட்டுத் திரும்பியது. இதுதான் சரி.

இரண்டாவது தடவை, நான்காவது வரியில் காது திடீரென்று அடைத்துப்போனது. காவேரியின் உதடு அசைகிறது, சத்தம் இல்லை.

"நிறுத்துங்கக்கா" என்றான். முதலில் பேட்டரி மேல்தான் சந்தேகம். போன வாரம் ஒரு வரவேற்பில் ஓடிய செல் அது. புதிய செல் இரண்டை டிரான்ஸ்மிட்டரில் போட்டான். அப்போதும் மௌனம். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்களே, அப்படிப் போட்ட செல்லையே மறுபடி கழற்றித் திருப்பிப் போட்டான். அந்த நேரம் காவேரி மறுபடி இருமினார். ரிசீவரின் சின்னத் திரையில் கோடுகள் துள்ளின. கேமராவின் பட்டை மட்டும் செத்துக் கிடந்தது.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. ரிசீவர் வரைக்கும் குரல் வருகிறது. வழியில் செத்தது வயர். முனையருகே அழுத்தினால் படபடவென்று வந்தது, விட்டால் போயிற்று. பையில் மாற்று வயர் இருந்தது, ஆனால் அது செல்போனுக்கானது, முனையில் மூன்று வளையம். இந்தக் கேமராவுக்கு இரண்டு வளையம் வேண்டும். மண்டபத்து வேலைக்கு எடுத்துப்போகும் நீள மைக்கின் வயர் நினைவுக்கு வர, அதை உருவி இதில் செருகினான். காதில் அறை திறந்துகொண்டது. மின்விசிறி, தூரத்துப் பிரஸ்ஸின் தும் தும், யாரோ மூச்சு விடுவது.

"இதான் கடைசி, தம்பி" என்றார் காவேரி.

தொடங்கினார். "என் உயிர் என் வீட்டின் சொத்து. அவசரத்துக்காக அதை அடகு வைக்க மாட்டேன்." எழிலரசன் கண் பட்டையில் இருந்தது, ஆனால் அவன் எங்கேயோ போய்விட்டான். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்ன மூச்சு. 'வீட்டின்' என்கிற இடத்தில் மட்டும் ஒரு இழை இளகுகிறது. வலியை விழுங்கும் சத்தம் கேட்கிறது, அடுத்த வரியில் அந்த வலி இல்லை. பதினெட்டு வருடமாக எத்தனை தாலி கட்டும் நேரத்து முணுமுணுப்பைப் பாட்டு போட்டு மூடியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. மனிதக் குரல் என்பது இவ்வளவு பெரிய சமாச்சாரமா?

முடிந்ததும் இயர்போனைக் காவேரியிடம் கொடுத்தான். அவர் கேட்டார். மைக்கில் பேசிப் பேசி எதிரொலியைத்தான் கேட்டிருக்கிறார், குரலைக் கேட்டதில்லை.

"இது நானா?" என்றார் மெதுவாக. "நல்லாத்தான் கீது."

சுப்பிரமணி கைகுலுக்கிவிட்டுப் போனார். எழிலரசன் வயரைச் சுருட்டப் போனான். ரஞ்சனி நகரவில்லை.

"கம்பெனிக்குக் குடுத்துட்ட. வூட்டுக்கு இன்னாம்மா?"

காவேரிக்குக் குரல் ஏற்கெனவே கம்மியிருந்தது. எழிலரசன் இயர்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, கெயினைக் கொஞ்சம் ஏற்றினான். மெதுவாகப் பேசுபவர்களுக்கு அவ்வளவு வேண்டும். பதிவுப் பொத்தானை அழுத்தித் தலையாட்டினான்.

"ரஞ்சனி, எந்திரிம்மா. மணி நாலரை ஆச்சி. பஸ்ஸு போயிடும்."

அவ்வளவுதான். தினமும் சொல்வது. எழிலரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இரண்டு மாதம் கழித்து ரஞ்சனி இன்னொரு பிரதி கேட்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். போன் தொலைந்துவிட்டதாம். அம்மாவுக்கு இப்போது காற்று மாதிரிதான் குரல் வருகிறது, ஆனால் ஆள் நல்லபடி, அடுத்த வாரம் வேலைக்குப் போகிறார் என்றாள். அந்த ஒரு வரியைத்தான் அலாரமாக வைத்திருந்தாளாம்.

"நான் சீக்கிரம் எந்திரிக்கவே மாட்டேண்ணா, அம்மாவுக்குக் கோவம் வரும். இப்ப நான் முழிச்சினு இருந்தாக்கூட அம்மா அத நிறுத்தவுடாது. அடுப்புல பாலு பொங்கினாலும் சரி, வாசப்படில வந்து நின்னு முழுசா கேக்கும்."