மகள் என்ற சொல் அங்கே இல்லை

"இங்க மகள்னு ஒரு சொல்லே இல்லியே" என்றார் போதகர், கிரேக்க வேதத்தின் மேல் விரலை வைத்தபடி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஹட்டன் வேதக்கோயிலின் பின்னறையில் சனிக்கிழமைகளில் தேயிலைத் தோட்டங்களில் சபை நடத்தும் உபதேசியார்கள் கூடுவார்கள். மறுநாள் பிரசங்கத்துக்கான பகுதியை, அவரவரிடம் எந்த வேதம் இருக்கிறதோ அதிலிருந்து ஆளுக்கொரு முறை வாசிப்பார்கள். என் அப்பா டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில் உபதேசியார். நான் தோட்டப் பள்ளிக்கூட டீச்சர். வீட்டிலும் அங்கேயும் அப்பாவுக்காக வாசிப்பவள் நான்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பக்தி என்று நினைத்திருந்தேன்.

அக்கரப்பத்தனைத் தோட்டத்து மருந்து டிஸ்பென்சர் என்னைப் பெண் கேட்டு ஆளனுப்பியிருந்தார். எனக்கும் சம்மதம். அப்பாதான் அசையவில்லை. மகளைக் கட்டிக்கொடுப்பது நல்லது, கொடுக்காமல் வைத்திருப்பது அதைவிட நல்லது என்று அப்போஸ்தலரே வேதத்தில் எழுதிவிட்டாராம். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. ஆனால் வேதத்தோடு யார் மல்லுக்கட்டுவது?

அன்றைக்கு அதே பகுதி வந்தது. தமிழில் நான் வாசித்தேன்: மகள். இன்னொருவரின் பழைய ஆங்கில வேதத்திலும் மகள். போதகரின் புது ஆங்கிலத்தில் மட்டும் நிச்சயம் செய்த பெண்! அடப்பாவமே, அப்படியானால் அது அப்பனுக்குச் சொன்னதே இல்லையா? மாப்பிள்ளைக்குச் சொன்னதா? அப்போதுதான் போதகர் கிரேக்கத்தைத் திறந்தார்.

"'அவனுடைய கன்னி'ன்னுதான் இருக்கு. அவனுக்கு அவ மகளா, பேசிவச்ச பொண்ணான்னு சொல்லல. மொழிபெயர்க்கிறவங்க ஏதாவது ஒண்ணச் சொல்லித்தானே ஆகணும்? அப்பன் பாத்துக் கட்டிக்குடுக்குற ஊர்க்காரரு, 'அவன்'னா அப்பன்னு எடுத்துக்கிட்டிருப்பாரு."

இத்தனை நாளும் என்னைக் கட்டிப்போட்ட சொல்லை யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு சேர்த்திருக்கிறார்!

அப்பா விடுவாரா? "ரெண்டு புஸ்தகத்துல மக, ஒண்ணுலதான் வேற. ரெண்டு சொல்றதத்தான எடுத்துக்கணும்?" என்றார்.

"இது என்ன சங்கத் தேர்தலாங்க? ஒண்ணப் பாத்து ஒண்ணு செஞ்சிருந்தா ரெண்டும் ஒரே சாட்சிதான். அந்தச் சொல்ல வச்சுச் சுத்தியுள்ள வரியெல்லாம் படிச்சுப் பாக்கணும். எதோட ஒத்துப்போகுது, எங்க இடிக்குதுன்னு" என்றார் போதகர்.

படித்துப் பார்த்தோம். 'அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளட்டும்' என்று ஓர் இடம். அப்பனும் மகளும் என்றால் அந்த 'அவர்கள்' யார்? மாப்பிள்ளையைப் பற்றி அதுவரை பேச்சே இல்லை. நான் துள்ளினேன். ஆனால் கடைசியில் வரும் வினைச்சொல் பெரும்பாலும் 'கட்டிக்கொடுப்பது' என்ற பொருளில் வருவது என்றார் போதகர். அது அப்பா பக்கம். "எனக்குப் புதுசுதான் சரின்னு படுது. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்" என்று புத்தகத்தை மூடிவிட்டார்.

மூன்று புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி பார்த்தேன். எங்கே பிரிகின்றன என்றே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கே ஒத்துப்போகின்றன என்று யாரும் பார்க்கவில்லை.

"அப்பா, இங்க பாருங்க. அது அப்பனோ மாப்பிள்ளையோ, கல்யாணம் பாவமில்லன்னு மூணுலயும் இருக்கு. இந்த வரியில ஒரு நாளும் நீங்க நிக்கலியே! வேதம் தடுக்கல. நீங்கதான் தடுக்குறீங்க."

அப்பா புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்தார். மூக்கு தாளில் முட்டும்வரை குனிந்தார். பிறகு தள்ளிவைத்தார்.

"எந்த வரிம்மா? எனக்கு எழுத்தே தெரியல. ரெண்டு வருஷமாச்சு. நீ போயிட்டா எனக்கு யாரு வாசிச்சுக் காட்டுவா? கண்ணு தெரியாத உபதேசியார வச்சுக்குவாங்களா?"

இடி விழுந்ததுபோல் உட்கார்ந்திருந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது தெரியாமல் போயிற்றே! கோபமும் வந்தது, சொல்லவா வேண்டும்.

"அத வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? வசனத்த எதுக்கு இழுத்தீங்க?"

மறுநாள் காலையில் அப்பாவே, "அந்தப் பையன வரச் சொல்லு" என்றார்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபையில் அறிவிப்பது. வாசிப்பது உபதேசியார் வேலை. ஓலையை நான்தான் எழுதி, அப்பாவுக்கு மனப்பாடம் ஆகும்வரை வாசித்துக் காட்டினேன். வழக்கப்படி மணமகளை 'இந்தச் சபையைச் சேர்ந்த கன்னிகை' என்றே எழுதியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டு வந்தவர், கன்னிகை என்ற இடத்தில் நின்றுவிட்டார். சபை காத்திருந்தது.

"என் மக" என்றார்.

தாளில் அந்தச் சொல் இல்லை.